போர் பொய்த்த பிறகு நோட்டில் என்ன எழுதுவது? வருத்தத்துக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்

ராத்திரி பதினோரு மணி. புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர், விராலிமலை பக்கம் ஏதோ ஒரு கொல்லை. போர் வண்டியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. குழியிலிருந்து வெள்ளைத் தூசி புகையாகக் கிளம்புகிறது. 300 அடி முடிந்துவிட்டது. வண்டிக்காரர் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்கிறார்: "அண்ணே, இன்னும் ஒரு நூறு போட்டுப் பாப்போமா?"

இந்தக் கேள்விக்கு "சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பல மாதங்கள் அந்த ஒரு சொல்லையே நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். மாவட்டத்தின் கிழக்கே, கடற்கரையை நோக்கிப் போகப் போக மணலும் களியுமான படிவு நிலம். மேற்கே பெரும்பாலும் கடும்பாறை. பாறையில் தண்ணீர் என்பது வெடிப்பு கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. பத்தடி தள்ளிப் போட்டவருக்குத் தண்ணீர் வந்திருக்கும், இவருக்குத் தூசிதான் வந்திருக்கும்.

இப்படி ஒரு முடிவு பொய்த்துப்போன பிறகு பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "மனசுல இருக்கறத எழுதிடுங்க, பாரம் குறையும்." இது பாதி உண்மை. எழுதுவது சிலருக்கு உதவுகிறது, சிலரை இன்னும் ஆழமாக இறக்கிவிடுகிறது. எதை எழுதுகிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு போர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனி ஒருவரின் கதையும் அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துப் போட்ட உதாரணம்.

முதல் நோட்டு

ஒரு ஏக்கர் கடலை பூ எடுக்கும் நேரம். கிணறு வற்றிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு 280 அடியில் தண்ணீர் வந்திருந்தது. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் கல் நட்டார்கள். 300 அடிக்கு, கேசிங் பைப்போடு சேர்த்து 50 ஆயிரம் என்று விவசாயி மனக்கணக்கு போட்டிருந்தார். 240 அடியில் தூசி கொஞ்சம் ஈரமாக வந்தது. அந்த ஈரத்தை நம்பி 400, 500, 600 என்று போய், கடைசியில் 780 அடியில் நிறுத்தினார்கள். ஆழம் கூடக் கூட அடிக்கான ரேட்டும் கூடும் என்பதால் பில் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. தண்ணீர் இல்லை. கடலையும் காய்ந்தது.

யாரோ சொன்னார்கள் என்று அவர் மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுத ஆரம்பிக்கிறார். முதல் நாள் எழுதியது இப்படி இருக்கும்: "ஏன் இப்படிப் பண்ணினேன்? அவ அப்பவே வேணாம்னு சொன்னா. எனக்கு எப்பவும் இப்படித்தான். யார் பேச்சையும் கேக்க மாட்டேன். அந்த ராத்திரி மட்டும் போதும்னு சொல்லியிருந்தா..."

இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு வரி சேர்கிறது: "ஊர்ல சிரிக்கிறாங்க. அப்பா இருந்தா இப்படி விட்டிருப்பாரா?" பத்து நாளில் பத்துப் பக்கம் ஆகிவிடும். ஆனால் முதல் பக்கத்தில் இல்லாத ஒரு தகவல்கூடப் பத்தாம் பக்கத்தில் இருக்காது. செக்கு மாடு எவ்வளவு தூரம் நடந்தாலும் செக்கடியிலேயேதான் நிற்கும் என்பது போல.

எழுத்தின் பலனை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-ல் வெளியான அவரது ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், வாழ்க்கையின் பெரிய அடியைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதனால் ஏற்பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு முன்பைவிடச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. "எழுதினால் நல்லது" என்ற பேச்சு பரவியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

பரவாத பாதி ஒன்றும் இருக்கிறது. 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாரா குழு, துணையைப் பிரிந்து அதிக நாள் ஆகாத 90 பேரை எழுதவைத்துப் பார்த்தது. ஒரு பிரிவினர் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டி எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அன்றாடம் பொழுதை எப்படிக் கழித்தோம் என்பதை மட்டும், உணர்ச்சி கலக்காமல் எழுதினார்கள். "இதற்கு என்ன அர்த்தம், ஏன் எனக்கு" என்று ஏற்கெனவே தேடித் தேடிக் களைத்தவர்களுக்குக் கொட்டி எழுதியது உதவவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் அன்றாடக் கணக்கை வெறுமனே எழுதியவர்களே நன்றாக இருந்தார்கள்.

ஆகவே, ஏற்கெனவே மனதுக்குள் சுற்றிக்கொண்டிருப்பவரிடம் பேனாவைக் கொடுத்து "கொட்டிவிடு" என்பது சரியான யோசனை ஆகாது. மனதில் சுற்றியது காகிதத்தில் சுற்றும், அவ்வளவுதான்.

மொய் நோட்டு சொல்லும் வழி

புதுக்கோட்டைக்காரர்களுக்கு வேறு வகை எழுத்து ஒன்று கைவந்த கலை. மொய் நோட்டு. ஆலங்குடி பக்கம் வடகாடு, கீரமங்கலம் ஊர்களில் ஆடி மாதம் வந்தாலே மொய் விருந்துதான். ஊர், பெயர், தொகை என்று ஒரு வரி. இருபது வருடம் கழித்துத் திறந்தாலும் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். "அவன் ஏன் இவ்வளவு குறைச்சலா வச்சான்" என்று மொய் நோட்டில் யாரும் எழுதுவதில்லை. அதைத் திண்ணையில் பேசிக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

வருத்தப்படும் முடிவையும் அப்படி எழுதலாம். அதற்கு முதல் வேலை, நினைவை நம்பாமல் இருப்பது.

காரணம் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு, "இது எனக்கு அப்பவே தெரியும்" என்று மனம் சொல்ல ஆரம்பித்துவிடும். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்கும் என்று இஸ்ரேலில் மாணவர்களிடம் கணிக்கச் சொன்னார்கள் பாரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் என்ற ஆய்வாளர்கள். பயணம் முடிந்த பிறகு, "முன்பு என்ன கணித்தீர்கள்?" என்று அவர்களிடமே கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களை, தாங்கள் உண்மையில் கணித்ததைவிட உறுதியாகக் கணித்ததாகப் பலரும் நினைவு வைத்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவே அப்படித் திருத்தி எழுதிக்கொண்டது.

நம் விவசாயிக்கும் அதுதான் நடக்கிறது. "அந்த இடத்துல தண்ணி இல்லைன்னு எனக்கே தோணுச்சு" என்கிறார் இப்போது. தோன்றியிருந்தால் வண்டியைக் கூப்பிட்டிருப்பாரா?

எனவே நோட்டின் இரண்டாவது முயற்சியில் கையில் எடுக்க வேண்டியவை வண்டிக்காரர் கொடுத்த பில், அடகு ரசீது, போன மாதத்து போன் அழைப்புகள், வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பிய குரல் செய்தி. அன்றைக்கு என்ன தெரியும் என்பதற்கு இவைதான் சாட்சி. அவற்றை வைத்துக்கொண்டு, தேதி போட்டு, அந்த நாளில் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். பிறகு தெரிந்தது எதுவும் இந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது.

இன்னொரு சின்ன வசதியும் உண்டு. "நான்" என்று எழுதாமல் "அவர்" என்று எழுதிப் பார்க்கலாம். "அவர் வண்டிக்கு போன் செய்தார். அப்போது அவர் கையில் 60 ஆயிரம் இருந்தது." பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் நமக்கு இருக்கும் நிதானம் நம் விஷயத்தில் இருப்பதில்லை. இப்படி எழுதும்போது அந்த நிதானம் கொஞ்சம் கிடைக்கிறது.

ஒன்றல்ல, ஐந்து

எழுதத் தொடங்கியதும் முதலில் உடைவது "அந்த ஒரு முடிவு" என்ற எண்ணம். போர் போட்டது ஒரு முடிவு அல்ல. பிரித்துப் பார்த்தால் குறைந்தது ஐந்து இருக்கிறது.

போர் போடலாம் என்று நினைத்தது முதலாவது. பயிர் பூவில் நிற்கிறது, கிணறு வற்றிவிட்டது, பக்கத்தில் 280 அடியில் தண்ணீர். அன்றைய நிலையில் வேறு யாராக இருந்தாலும் யோசித்திருக்கக்கூடிய காரியம்தான். முடிவு கெட்டதால் எண்ணமும் கெட்டது என்று ஆகாது.

இரண்டாவது, இடம் குறித்தது. வேளாண் பொறியியல் துறையில் குறைந்த கட்டணத்தில் மின்தடை ஆய்வு செய்து தருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பத்து நாள் ஆகும், அதற்குள் பயிர் போய்விடும் என்று நினைத்துத் தேங்காய்க்காரரைக் கூப்பிட்டார். பத்து நாள் ஆகுமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. இதில் அவர் பங்கு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஆய்வு செய்திருந்தால் தண்ணீர் நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. பாறையில் அந்த ஆய்வு வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது.

மூன்றாவதுதான் முக்கியமானது. எத்தனை அடியில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன் அவர் முடிவு செய்யவே இல்லை. 300 என்பது மனக்கணக்கு. வண்டிக்காரரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை, எழுதிவைக்கவும் இல்லை.

நான்காவது, 300 அடிக்குப் பிறகு நூறு நூறாக "சரி" சொன்னது. இதுவும் ஒரே முடிவு அல்ல, அடுத்தடுத்து ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னால் போட்ட காசு வீணாகிவிடுமே என்பதுதான் காரணம். பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும், விதிவிலக்கு உண்டு என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளே சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். 400 அடியில் மனைவி, "ஏங்க, போதும்ங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்றார். இது நினைவு திருத்தி எழுதியது அல்ல. பக்கத்தில் நின்ற மைத்துனரும் கேட்டிருக்கிறார்.

ஐந்தாவது, நகையை அடகு வைத்தது. அதைத் தனி முடிவு என்றே சொல்ல முடியாது. வண்டி நிற்கிறது, பில் கொடுக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் பெற்ற பிள்ளை அது.

இப்போது பணத்தைப் பிரிக்கலாம். 300 அடியில் நிறுத்தியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்காது, 50 ஆயிரம் போயிருக்கும். அது பாறையின் கணக்கு. மீதி 70 ஆயிரம்தான் அவர் கணக்கு. சங்கிலி அடகுக்குப் போனதும் அந்த 70 ஆயிரத்தால்தான், ஏனென்றால் கையில் 60 ஆயிரம் இருந்தது. "எல்லாம் என்னால போச்சு" என்று முதல் நோட்டில் எழுதியவர், இரண்டாவது நோட்டில் எவ்வளவு தன்னால் போனது என்று எழுத முடிகிறது. இதனால் பாரம் பாதியாகக் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 70 ஆயிரம் சின்னத் தொகை அல்ல. ஆனால் எதைப் பற்றி வருத்தப்படுகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

எது பாடம், எது இல்லை

"இனிமேல் யோசிச்சு செய்யணும்" என்று எழுதினால் அது பாடம் இல்லை. எப்படி யோசிப்பது என்று அதில் ஒன்றும் இல்லை. "நான் அவசரக்காரன்" என்பதும் பாடம் இல்லை. அது தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயர். "அந்த இடத்துல போட்டிருக்கக் கூடாது" என்பதும் உதவாது, ஏனென்றால் அது அன்று யாராலும் தெரிந்துகொள்ள முடியாத விஷயம்.

பாடம் என்றால் இரண்டு சோதனையைத் தாண்ட வேண்டும். முடிவெடுத்த அன்று கையில் இருந்த தகவலை வைத்தே அதைச் செய்திருக்க முடிய வேண்டும். அடுத்த தடவை அதைச் செய்தோமா இல்லையா என்று வேறொருவர் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

நம் விவசாயியின் நோட்டில் அப்படித் தேறுவது இரண்டே வரி. ஒன்று: வண்டி வருவதற்கு முன், நிறுத்தும் அடியைத் தாளில் எழுதி, வண்டிக்காரரிடமும் மனைவியிடமும் சொல்லிவிட வேண்டும், ராத்திரியில் அதை மாற்றுவதென்றால் மனைவியும் சரி சொல்ல வேண்டும். இரண்டு: ஆய்வுக்கு எத்தனை நாள் ஆகும் என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தேங்காய்.

முதல் வரி போருக்கு மட்டும் ஆனதல்ல. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதும், வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டிடம் "இன்னும் ஒரு இருபதாயிரம்" கட்டும்போதும் இதே இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆனால் நோட்டில் அப்படிப் பொதுவாக எழுதிக்கொண்டே போவதும் ஒரு பொறி. போரைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் போரைப் பற்றி எழுதி முடிக்கட்டும்.

சுற்ற ஆரம்பித்துவிட்டோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். இன்றைய பக்கத்தில் புதிதாக ஒரு தேதியோ, தொகையோ, யாரோ சொன்ன வார்த்தையோ இல்லையென்றால் பேனாவை மூடலாம். "எப்போது, எவ்வளவு, யார், எப்படி" குறைந்து "ஏன்" பெருகினாலும் அதே அர்த்தம்தான். "எப்பவும்", "எல்லாம்", "யாருமே" என்ற மூன்று சொற்களும் வந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம், மூன்று நான்கு நாள் போதும். படுக்கைக்குப் போகும் நேரம் வேண்டாம். பகலில், வேலை ஒன்று காத்திருக்கும்போது எழுதுவது நல்லது. மாடு கத்தினால் எழுந்து போகத்தான் வேண்டும், அதுவே ஒரு காவல்.

பாடத்தில் சேராத ஆதங்கத்தை என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு நோட்டு சரியான இடம் அல்ல. மனைவியிடம் "நீ சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வது, பத்துப் பக்கம் எழுதுவதைவிடப் பல வீடுகளில் அதிகம் வேலை செய்யும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பல ஆண்கள் நோட்டுக்கே போகிறார்கள்.

நோட்டால் முடியாதது

எல்லா வருத்தத்தையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. முடிவால் ஒரு உயிர் போயிருந்தால், சாவு நடந்து சில வாரங்கள்கூட ஆகாமல் இருந்தால், கணக்கு நோட்டை நீட்டுவது கொடுமை. அப்போது பக்கத்தில் ஆள் இருப்பதுதான் தேவை. கடனைப் பற்றிய நினைப்பில் பல நாள் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாட்டி இவங்க நல்லாருப்பாங்க" என்ற நினைப்பு வருகிறது என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு 104-க்கோ, டெலி மானஸ் எண்ணான 14416-க்கோ போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

இரண்டாவது நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒரே ஒரு வேலை உண்டு. இன்னும் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தேதியோடு எழுதுவது. சங்கிலிக்கு வட்டி கட்டும் தேதி. காய்ந்த கடலைக்குப் பயிர்க் காப்பீடு இருந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்பது. அடுத்த மழைக்கு முன் கிணற்றைத் தூர்வார ஆகும் செலவு. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, போர்க்குழிக்கு மூடி. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. வருத்தத்தில் மூழ்கியிருப்பவருக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது, குழி திறந்தே கிடக்கும். இரும்பு மூடியைப் பற்றவைத்து, மேலே மண் போட்டு, அன்றைய தேதியை எழுதிக்கொள்ள வேண்டும்.